முதியோர் இல்லத்தின் வரவும் செலவும்: பராமரிப்பு நேரத்திலிருந்து தொடங்கும் ஒரு கணக்கு

முதியோர் இல்லம் ஒன்றின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை வகுக்க அமரும் அறங்காவலர் குழு, பெரும்பாலும் சமையலறைச் செலவிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. ஒருவருக்கு ஒரு நாள் உணவுக்கு ஆகும் தொகையை உறைவோர் எண்ணிக்கையால் பெருக்கி, அதனோடு ஊழியர் சம்பளம், மருந்து, மின்கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்து, கிடைக்கும் மொத்தத்தை மீண்டும் தலை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு முதியவரைப் பராமரிக்க மாதம் இவ்வளவு ஆகிறது என்று அக்குழு அறிவிக்கிறது. இம்முறை எளியது, கூட்டலும் வகுத்தலும் பிழையற்றவையாகவே இருக்கும். ஆயினும் அவ்வாறு கிடைக்கும் சராசரித் தொகை இல்லத்தில் உள்ள எந்த ஒரு முதியவரின் உண்மைச் செலவையும் காட்டுவதில்லை. அடுத்த ஆண்டு செலவு எந்தப் பக்கம் நகரும் என்பதையும் அது சொல்வதில்லை. செலவை ஏற்றுவதும் இறக்குவதும் உறைவோரின் எண்ணிக்கையைவிட அவர்கள் பிறரைச் சார்ந்திருக்கும் அளவே என்பதும், ஆகவே இத்தகைய திட்டம் பராமரிப்பு நேரத்தில் தொடங்கி, ஊழியர், உணவு, மருந்து என்று நகர்ந்து, அதன் பிறகே கட்டணத்தையும் நன்கொடையையும் தொட வேண்டும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

இதை விளக்க, தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லம் எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது. அதற்குச் சொந்தக் கட்டடம் உண்டு. 40 படுக்கைகளில் சராசரியாக 36 நிரம்பியிருக்கின்றன. இங்கே தரப்படும் ரூபாய்க் கணக்குகள் கணக்கிடும் வழியைக் காட்டுவதற்கான மதிப்பீடுகளே. ஊருக்கு ஊர் கூலியும் விலையும் மாறும்போது எண்கள் மாறுமே தவிர, அவற்றை அடுக்கும் முறை மாறாது.

சார்பு நிலையை அளத்தல்

ஒருவர் எந்த அளவுக்குப் பிறர் உதவியை வேண்டியிருக்கிறார் என்பதை அளக்க, 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. குளித்தல், உடுத்தல், கழிவறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்குதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் எத்தனையை ஒருவர் துணையின்றிச் செய்கிறார் என்பதே அதன் அடிப்படை. இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், உறைவோரைச் சில நாள்கள் கவனித்துவிட்டு, ஆளுக்கு ஒரு தாள் நிரப்பினால் போதும்.

எடுத்துக்காட்டு இல்லத்தின் 36 பேரில் 18 பேர் ஆறு செயல்களையும் தாமே செய்பவர்கள். 12 பேருக்கு இரண்டு மூன்று செயல்களில் கைத்துணை வேண்டும். 6 பேர் ஏறக்குறைய முழுவதும் படுக்கையில் இருப்பவர்கள் என்று கொள்ளலாம். முதல் வகையினருக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரமும், இரண்டாம் வகையினருக்கு ஒன்றரை மணி நேரமும், மூன்றாம் வகையினருக்கு நான்கு மணி நேரமும் நேரடிப் பராமரிப்புத் தேவை என்று வைத்தால், இல்லத்துக்கு நாளொன்றுக்கு வேண்டிய பராமரிப்பு 51 மணி நேரம். அதில் 24 மணி நேரத்தை, அதாவது ஏறத்தாழப் பாதியை, ஆறே பேர் எடுத்துக்கொள்கின்றனர். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், உடல் துடைத்தல், ஊட்டுதல், துணி மாற்றுதல் ஆகியவை தள்ளிப்போட முடியாத வேலைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நான்கு மணி நேரம் தாராளமான ஒதுக்கீடு என்று எவரும் சொல்ல மாட்டார்.

பணிமுறையும் சம்பளமும்

தேவையான நேரம் தெரிந்தபின் அதை நிரப்பும் ஆள்களைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் பல திட்டங்கள் முதல் அடியிலேயே தவறுகின்றன. ஒரு பணியிடத்தை இரவும் பகலும் நிரப்ப, எட்டு மணி நேரப் பணிமுறை மூன்று என்பதால் மூன்று பேர் போதும் என்று கணக்கிடுவது வழக்கம். ஆனால் ஆண்டின் 365 நாள்களில் வார ஓய்வாக 52 நாள்களும், பண்டிகை, தற்செயல், நோய் விடுப்பு ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 28 நாள்களும் கழிந்தால் ஒருவர் உண்மையில் பணிக்கு வருவது 285 நாள்கள். ஒரு பணியிடத்துக்கு ஆண்டில் 1095 பணிமுறைகள் வேண்டியிருப்பதால் அதற்கு நான்கு பேருக்குச் சற்றே குறைவான ஆள்பலம் தேவைப்படுகிறது. மூன்று பேரை வைத்துக்கொண்டு நான்கு பேரின் வேலையை வாங்கும் இல்லத்தில் அந்த நான்காவது ஆள் மறைந்துவிடுவதில்லை. தொடர்ந்து இரண்டு பணிமுறை பார்க்கும் பராமரிப்பாளரின் களைப்பாகவும், இரவில் ஒருவரே மூன்று அறைகளைப் பார்க்கும் நிலையாகவும், புரட்டிப் போடப்படாத உடலில் தோன்றும் படுக்கைப் புண்ணாகவும் அவர் வெளிப்படுகிறார்.

எடுத்துக்காட்டு இல்லத்தில் காலையில் மூவர், மாலையில் இருவர், இரவில் இருவர் என நாளொன்றுக்கு ஏழு பணிமுறைகள் வைத்தால் 56 மணி நேரம் கிடைக்கிறது. தேவையான 51 மணி நேரத்தை அது சிறு இடைவெளியோடு நிறைவு செய்கிறது. ஆண்டுக்கு 2555 பணிமுறைகளை 285ஆல் வகுத்தால் ஒன்பது பராமரிப்பாளர்கள் வேண்டும். இரவுப் பணியில் இருவர் என்பதை ஒருவராகக் குறைக்கும் யோசனை ஒவ்வொரு சிக்கன விவாதத்திலும் எழும். ஆனால் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பாதுகாப்பாகத் தூக்கவும் புரட்டவும் இரு சோடிக் கைகள் வேண்டும். ஒருவர் கழிவறையில் விழுந்துவிட்டவரோடு இருக்கும்போது மற்ற 35 பேருக்கும் யார் என்ற கேள்விக்கு ஒற்றை ஆள் பணிமுறையில் விடை இல்லை.

பராமரிப்பாளர்களைத் தவிரச் செவிலியர் மூவர், சமையற்காரர் இருவர், சமையல் உதவியாளர் இருவர், துப்புரவுப் பணியாளர் மூவர், காவலர் இருவர், மேலாளர் ஒருவர், பகுதி நேரக் கணக்கர் ஒருவர் எனக் கொண்டால் மொத்தம் 23 பேர். அவர்களுக்கான மாதச் சம்பளம் 3,15,000 ரூபாய் என மதிப்பிடலாம். இத்தொகையோடு நின்றுவிடும் திட்டம் முழுமையற்றது. வருங்கால வைப்பு நிதிக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கும் நிர்வாகம் செலுத்தும் பங்கு, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றி விலகுபவருக்கு ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் தர வேண்டிய பணிக்கொடை ஆகியவற்றுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 21 விழுக்காடும், தீபாவளிக்கு அரைமாதச் சம்பளமும் சேர்ந்தால் ஊழியர் செலவு 3,94,000 ரூபாயாகிறது. பணிக்கொடைக்கு மாதந்தோறும் ஒதுக்காத இல்லம், பத்தாண்டு பணிபுரிந்த இருவர் ஒரே ஆண்டில் விலகும்போது அதை அவ்வாண்டின் நன்கொடையிலிருந்து கொடுக்க நேர்கிறது. முந்தைய பத்தாண்டுகளின் செலவு அந்த ஓராண்டின் பற்றாக்குறையாகத் தோற்றமளிக்கிறது.

உணவு: குறைவாகச் செலவாகி அதிகம் பேசப்படுவது

உணவுச் செலவைக் கணக்கிட நபர்-நாள் என்ற அலகு உதவும். ஒருவர் ஒரு நாள் இல்லத்தில் தங்கி உண்பது ஒரு நபர்-நாள். 36 பேர் 30 நாள்கள் தங்கினால் 1080 நபர்-நாள்கள். அரிசி, பருப்பு, காய்கறி, பால், எண்ணெய், மளிகை எல்லாம் சேர்த்து நபர்-நாளுக்கு 120 ரூபாய் என்றால் ஏறத்தாழ 1,30,000 ரூபாய் வரும். பணியில் இருக்கும் ஊழியர் அங்கேயே உண்பது இயல்பாதலால் அவர்களுக்கான உணவு, வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ எரிவாயு உருளைகள் ஆகியவற்றையும் சேர்த்தால் 1,65,000 ரூபாயாகும். ஊழியர் உணவைத் தனியே எழுதாமல் விடும்போது, உறைவோருக்கான நபர்-நாள் செலவு செயற்கையாக உயர்ந்து தெரிகிறது. அதைக் கண்டு குழு பாலின் அளவைக் குறைக்கத் தலைப்படுவதும் உண்டு.

முதியோரின் உணவில் சிக்கனத்துக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது பொருளின் தரத்தில் இல்லை. பல் இழந்தோருக்கும் விழுங்கச் சிரமப்படுவோருக்கும் குழைவாகச் சமைக்கப்படாத உணவு தட்டிலேயே மிஞ்சுகிறது. வாங்கிய பொருளின் ஒரு பகுதி கழிவுக் கூடையில் முடிகிறது. ஒவ்வொரு வேளையும் திரும்பும் உணவை எடைபோட்டு எழுதும் வழக்கமும், மாதம் ஒருமுறை உறைவோரின் உடல் எடையைப் பதியும் வழக்கமும் சேர்ந்தால், உணவுக்கான பணம் உடலில் சேர்கிறதா, கூடையில் சேர்கிறதா என்பது தெரிந்துவிடும். மளிகைச் செலவு குறையும்போதே உறைவோரின் எடையும் குறைந்தால், அங்கே நடந்திருப்பது சேமிப்பாகாது.

மருந்தும் மருந்தல்லாத மருத்துவச் செலவும்

முதியோர் இல்லத்தின் மருந்துப் பட்டியலில் பெரும்பகுதி இரத்த அழுத்தம், நீரிழிவு, மூட்டுவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் ஆகியவற்றுக்கான நாள்பட்ட மருந்துகள். இவற்றை வணிகப் பெயரில் வாங்குவதற்கும் மூலப்பெயரில், அதாவது மருந்தின் வேதிப்பொருள் பெயரில், வாங்குவதற்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடலாம். மக்கள் மருந்தகங்களும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை இருப்பிடத்திலேயே தரவும், இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் வகை செய்கிறது. இவ்வழிகளைப் பயன்படுத்தும் இல்லம் 36 பேருக்கான மருந்தை மாதம் 29,000 ரூபாய்க்குள் அடக்கலாம். ஆயினும் வழங்கல் ஒரு வாரம் தாமதமானால் மாத்திரை நின்றுவிடாதபடி ஒரு மாத இருப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

திட்டத்தை ஏமாற்றுவது மாத்திரை விலையைவிட அதைச் சுற்றியிருக்கும் செலவுகளே. சிறுநீர் அடக்க முடியாத எட்டுப் பேருக்கு நாளொன்றுக்கு மூன்று டயப்பர்கள் என்றால் மாதம் 720. ஒன்று 35 ரூபாய் என்றாலும் 25,000 ரூபாயைத் தாண்டுகிறது, அதாவது மொத்த மருந்துச் செலவை நெருங்குகிறது. கையுறை, புண் கட்டும் துணி, கிருமிநாசினி, வாரத்தில் இருமுறை வரும் மருத்துவருக்கும் இயன்முறைச் சிகிச்சையாளருக்கும் தரும் கட்டணம், அவசர ஊர்திக்கான ஒதுக்கீடு ஆகியவை சேரும்போது மருத்துவத் தலைப்பு 95,000 ரூபாயாகிறது.

இத்தலைப்பில் எழுதப்படாமலே போகும் செலவு ஒன்று உண்டு. உறைவோர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் பத்து நாள் சேர்க்கப்பட்டால், சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிராது. ஆனால் படுக்கை அருகே உடனிருக்க இரவும் பகலும் ஓர் ஆள் வேண்டும். பத்து நாளுக்கு முப்பது பணிமுறைகள். ஒரு பணிமுறையின் அடக்கவிலை 700 ரூபாய் எனில் அது 21,000 ரூபாய். இலவசச் சிகிச்சை என்று கணக்கேட்டில் சுழியமாக நிற்கும் நிகழ்வு, பராமரிப்பாளர் தலைப்பிலிருந்து அமைதியாக அத்தொகையை எடுத்துவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு எதிர்பார்க்கும் மருத்துவமனை நாள்களை மதிப்பிட்டு, அதற்குரிய மாற்று ஆள் செலவை முன்கூட்டியே எழுதுவது நல்ல திட்டத்தின் அடையாளம்.

மொத்தமும் மூன்று விலைகளும்

மின்சாரம், மின்னாக்கி எரிபொருள், சலவை, துப்புரவுப் பொருள்கள், அலுவலகச் செலவு, பழுதுபார்ப்பு, கட்டில் மெத்தை போன்றவற்றைப் புதுப்பிப்பதற்கான ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு 85,000 ரூபாயும், எதிர்பாராச் செலவுக்கு 21,000 ரூபாயும் சேர்த்தால் மாத மொத்தம் 7,60,000 ரூபாய். இதில் ஊழியர் பங்கு பாதிக்குச் சற்று மேல். உணவின் பங்கு ஐந்தில் ஒன்றைவிடச் சிறிதே கூடுதல்.

தலைக்கு வகுத்தால் ஏறத்தாழ 21,000 ரூபாய் வருகிறது. பராமரிப்பாளர் நேரம், மருந்து, டயப்பர் ஆகிய மூன்றையும் அவரவர் பயன்பாட்டுக்கேற்பப் பிரித்து, மீதமுள்ள பொதுச் செலவை மட்டும் சமமாகப் பங்கிட்டால் காட்சி மாறுகிறது: தாமே இயங்குபவருக்கு 17,500 ரூபாய், பகுதி உதவி வேண்டுபவருக்கு 21,300 ரூபாய், முழு உதவி வேண்டுபவருக்கு 31,700 ரூபாய். முதல் வகையினருக்கும் மூன்றாம் வகையினருக்கும் இடையே 14,000 ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருக்கும்போது, எல்லோருக்கும் ஒரே செலவு என்று எழுதும் கணக்கு இருவரில் எவரைப் பற்றியும் உண்மை சொல்வதில்லை.

இவ்வேறுபாட்டின் விளைவு ஆண்டின் நடுவில் தெரியவரும். பகுதி உதவி பெற்ற மூவர் பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ முழு உதவி நிலைக்குச் சென்றால், உறைவோர் எண்ணிக்கை 36ஆகவே இருக்கும். உணவுப் பதிவேட்டிலும் மாற்றம் இராது. ஆனால் தேவையான பராமரிப்பு நேரம் 51இலிருந்து 58.5 மணி நேரமாகி, பணிமுறைகள் தரும் 56 மணி நேரத்தைத் தாண்டிவிடும். மாதச் செலவு 31,000 ரூபாய் அளவுக்கும், ஆண்டுச் செலவு மூன்றே முக்கால் லட்சம் ரூபாய் அளவுக்கும் உயர வேண்டும். செலவை உயர்த்தாத இல்லம் பராமரிப்பைக் குறைக்கிறது என்பதே பொருள். எனவே காட்ஸ் அளவுகோல் தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பராமரிப்பு நேரத்தைப் பணிமுறை நேரத்தோடு ஒப்பிடுவது கணக்கரின் வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

உறைவோர் பங்களிப்பு

பங்களிப்பு என்பது முழுக் கட்டணம், பகுதிக் கட்டணம், இலவசம் என மூவகைப்படும். எடுத்துக்காட்டு இல்லத்தில் 12 பேர் மாதம் 20,000 ரூபாயும், 12 பேர் சராசரியாக 8,000 ரூபாயும் தருகின்றனர். எஞ்சிய 12 பேர் ஏதும் தருவதில்லை. வரும் 3,36,000 ரூபாய், செலவில் 44 விழுக்காட்டை ஈடுசெய்கிறது. இலவசமாகத் தங்குபவரின் முதியோர் ஓய்வூதியத்தை, தமிழ்நாட்டில் 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அத்தொகையை, இல்லம் தன் வரவாக எழுதிக்கொள்ளும் பழக்கம் ஆங்காங்கே உண்டு. சிறு தொகையே ஆயினும் அது அவருடைய சொந்தப் பணம். வெற்றிலை பாக்குக்கும், பேரப்பிள்ளைக்குத் தரும் சிறு பரிசுக்கும் அவரிடம் இருக்கும் ஒரே கைப்பணம் அதுவாக இருக்கக்கூடும். எழுத்துவழி ஒப்புதலின்றி அதைத் தொடுவது கணக்கியல் நெறிக்கும் பொருந்தாது.

பிள்ளைகளிடமிருந்து பங்களிப்புப் பெறுவதற்குச் சட்டத்தின் துணை ஓரளவே உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, தீர்ப்பாயம் ஆணையிடும் பராமரிப்புத் தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. தாமே இயங்குபவரின் செலவான 17,500 ரூபாயோடு இதை ஒப்பிட்டால், பெற்ற பிள்ளை சட்டப்படி முழுத் தொகை தந்தாலும் எஞ்சியதை இல்லம் வேறு வழியில் தேட வேண்டியிருக்கும் என்பது புலனாகும். மேலும், வரிச்சலுகைப் பதிவு பெற்ற அறநிறுவனத்தின் இல்லம் 60 வயது கடந்தோரிடம் தங்குமிடம், உணவு, பராமரிப்பு அனைத்தையும் உள்ளடக்கி மாதம் 25,000 ரூபாய் வரை பெறும் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு. முழு உதவி வேண்டுபவரின் செலவு 31,700 ரூபாய் என்பதால், அச்செலவை அப்படியே கட்டணமாக்கும் இல்லம் அந்த விலக்கின் எல்லையைக் கடந்துவிடும் என்பதைக் கட்டண அட்டவணை வகுப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது முன்பணத்தில். சேரும்போது பெற்று விலகும்போது திருப்பித் தரும் வைப்புத் தொகை, இல்லத்தின் வரவு ஆகாது. அது இல்லத்தின் கடன். அதைச் சம்பளத்துக்கு எடுத்துச் செலவழித்த இல்லம், ஒருவர் இறந்தபின் வாரிசுக்குத் திருப்பித் தர அடுத்துச் சேர்பவரின் வைப்பை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. வாழ்நாள் முழுதும் பராமரிப்பதாக ஒப்பி ஒரே தவணையில் பெறும் தொகை இதைவிடச் சிக்கலானது. ஆறு லட்சம் ரூபாய் பெற்று ஒருவரைச் சேர்த்துக்கொண்டால், வட்டி விகிதமும் விலையேற்றமும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கொண்டாலும், மாதம் 17,500 ரூபாய்ச் செலவில் அத்தொகை 34 மாதங்களில் தீர்ந்துவிடும். எழுபது வயதில் நலமோடு சேர்பவர் பத்தாண்டுக்கு மேல் வாழ்வது அரிதன்று. அவருடைய பிற்கால ஆண்டுகள் முழு உதவி நிலையில் கழியவும் கூடும். அவ்வாறாயின் இன்று பெற்ற ஆறு லட்சம், நாளைய நன்கொடையாளர்மீது எழுதப்பட்ட பெரிய பற்றாகவே முடியும்.

நன்கொடையின் வகையும் செலவின் வகையும்

செலவுக்கும் பங்களிப்புக்கும் இடையே எஞ்சும் 4,24,000 ரூபாயை நன்கொடை நிரப்ப வேண்டும். மாதச் சந்தாதாரர் 120 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய், ஒருவேளை உணவுக்கான நன்கொடை இருபதுக்கு 70,000 ரூபாய், மூலநிதி வட்டி 70,000 ரூபாய், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி மாதச் சராசரியாக 80,000 ரூபாய், பொருளாக வருவது 20,000 ரூபாய், இதர நன்கொடை 40,000 ரூபாய் என்று கொண்டால் 4,00,000 ரூபாய் ஆகிறது. தொகையளவில் சிறு பற்றாக்குறையே எஞ்சுகிறது. ஆனால் எந்தப் பணம் எந்தச் செலவுக்கு உதவும் என்று பார்க்கும்போதுதான் உண்மை நெருக்கடி தெரியும்.

நன்கொடையாளர் விரும்பித் தருவது உணவு. பிறந்தநாள், திருமண நாள், பெற்றோரின் திதி, அமாவாசை ஆகிய நாள்களில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது தமிழரிடையே வேரூன்றிய அறம். அதன் இயல்பே குறிப்பிட்ட நாளில் குவிவது. ஒரே அமாவாசையன்று மூவர் உணவளிக்க முன்வரும்போது வடையும் பாயசமும் நீரிழிவு நோயாளியின் தட்டில் சேர்கின்றன. மறுநாள் வழக்கமான மளிகைச் செலவு தொடர்கிறது. சமைத்த உணவாக வரும் ஒருவேளை, இல்லத்துக்கு மிச்சப்படுத்துவது அவ்வேளைக்கான மூலப்பொருளை மட்டுமே. சமையற்காரரின் சம்பளம் குறைவதில்லை. அரிசி மூட்டையைக் கொண்டு இரவுப் பராமரிப்பாளருக்குச் சம்பளம் தர இயலாது. செலவில் பாதிக்கு மேல் ஊழியர் தலைப்பில் இருக்க, நன்கொடையின் மனம் சமையலறையில் இருப்பதே இத்துறையின் நிரந்தர முரண்.

இம்முரணைத் தணிக்கச் சில இல்லங்கள் கையாளும் வழி, உணவு நன்கொடையைப் பணமாகப் பெற்று, அதன் தொகையில் மூலப்பொருளோடு எரிபொருளையும் சமையலறை ஊதியத்தையும் வெளிப்படையாகச் சேர்த்துக் கூறுவது. 48 பேர் உண்ணும் மதிய உணவின் மூலப்பொருள் 2,400 ரூபாய் எனில், 3,500 ரூபாய் என்று அறிவித்து, எஞ்சிய தொகை எதற்கு என்பதை ரசீதிலேயே அச்சிடுவது நேர்மையான முறை. மற்றொரு வழி, ‘ஓர் இரவுப் பணி’ என்பதையே நன்கொடை அலகாக்குவது. இருவர் காக்கும் ஓரிரவின் செலவு 1,400 ரூபாய் என்பதைத் திதி நாளுக்கு உணவளிக்க வருபவரிடம் எடுத்துச் சொன்னால், அவர்களுள் சிலராவது அதை ஏற்பர்.

வரிச் சட்டமும் இவ்வேறுபாட்டைப் பார்க்கிறது. 80ஜி என்று பரவலாக அறியப்படும் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கே உண்டு. பொருளாகத் தருவதற்கு இல்லை. ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைக்கு அது கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்த தனிநபருக்கு அச்சலுகையே இல்லை. ஆகவே வரிச்சலுகையை முன்னிறுத்தி நிதி திரட்டும் உத்தி முன்னைப்போல் எல்லோரிடமும் செல்லாது. மாதம் சிறுதொகை தரும் சந்தாதாரரின் நிலையான பற்றே அதைவிட நம்பத்தக்கது. நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை முதியோர் இல்லம் அமைப்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஆனால் நிறுவனங்கள் பொதுவாக விரும்புவது பெயர்ப்பலகை வைக்கத்தக்க கட்டடத்தையும் ஊர்தியையும். புதிதாகக் கிடைத்த ஊர்தி ஓட்டுநரையும் எரிபொருளையும் காப்பீட்டையும் மாதச் செலவில் சேர்த்துவிடுவதால், அதை ஏற்குமுன் அதன் நடப்புச் செலவை எழுதிப் பார்ப்பது கட்டாயம்.

நிபந்தனையோடு வரும் பணத்தைத் தனியே பதிவதும் இதன் பகுதி. மூலநிதிக்கென்று தரப்பட்டதன் வட்டியை மட்டுமே செலவிடலாம். அறுவைச் சிகிச்சைக்கென்று தரப்பட்டதைச் சம்பளத்துக்கு மாற்றலாகாது. வங்கியில் 20 லட்சம் ரூபாய் இருந்தும் அதில் 17 லட்சம் நிபந்தனைப் பணமாகவும் வைப்புத் தொகையாகவும் இருக்குமானால், இல்லத்தின் கையில் இருப்பது மூன்று லட்சம், அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைந்த செலவுக்கான தொகையே. மூன்று மாதச் செலவுக்குரிய தளர்வான இருப்பு இல்லாத நிலையில், நன்கொடை மெலியும் இரண்டு மாதங்கள் சம்பளத் தாமதத்தில் முடியும். சம்பளம் தாமதமாகும் இல்லத்திலிருந்து முதலில் விலகுபவர், வேறிடத்தில் எளிதில் வேலை கிடைக்கும் அனுபவமிக்க பராமரிப்பாளரே.

பற்றாக்குறையைத் தீர்க்கும் வழியும் அதன் எல்லையும்

மாதம் 24,000 ரூபாய் பற்றாக்குறைக்கு எளிய விடை கட்டணத்தை உயர்த்துவது போலத் தோன்றும். அதற்குமுன் காலியாக உள்ள நான்கு படுக்கைகளைப் பார்க்க வேண்டும். தாமே இயங்கும் ஒருவர் புதிதாகச் சேர்வதால் கூடும் செலவு, உணவும் மருந்தும் சில்லறைச் செலவுகளும் சேர்த்து 4,500 ரூபாய் அளவே; அவருக்கு வேண்டிய அரை மணி நேரம் இருக்கும் பணிமுறையிலேயே அடங்கும்; சமையற்காரரோ காவலரோ கூடுதலாக வேண்டியதில்லை. அவர் 20,000 ரூபாய் தந்தால் இல்லத்துக்கு 15,500 ரூபாய் மிஞ்சும். இருவர் சேர்ந்தால் பற்றாக்குறை தீர்ந்து 7,000 ரூபாய் எஞ்சும். கூடுதலாக ஒருவரைச் சேர்ப்பதன் செலவுக்கும் சராசரிச் செலவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாத குழு, 21,000 ரூபாய் செலவில் 20,000 ரூபாய்க்கு ஒருவரைச் சேர்ப்பது நட்டம் என்று கருதி, படுக்கையைக் காலியாகவே விட்டுவிடும்.

இத்தீர்வுக்கும் எல்லை உண்டு. தொற்று வந்தால் பிரித்து வைக்கவும், மருத்துவமனையிலிருந்து திரும்புபவரைத் தனியே கவனிக்கவும் இரு படுக்கைகளேனும் எப்போதும் காலியாக இருப்பது நல்லது. அதைவிட முக்கியமானது, இன்று தாமே இயங்குபவராகச் சேர்பவர் சில ஆண்டுகளில் இரண்டாம், மூன்றாம் நிலைக்குச் செல்வார் என்பது. அவரைச் சேர்த்துக்கொண்ட நாளில் கிடைத்த 15,500 ரூபாய் மிச்சம், அவர் படுக்கையில் விழும் நாளில் ஏறத்தாழ முழுவதும் கரைந்துவிடும். கூடுதல் பராமரிப்பு நேரம் 56 மணி நேர வரம்பை மீறினால் புதிய ஆளின் சம்பளமும் அதனோடு சேரும். எனவே நலமோடு இருப்பவர் தரும் மிச்சத்தில் ஒரு பகுதியை, அவர் நலம் குன்றும் காலத்துக்கென ஒதுக்குவதே முறை. அதை அவ்வாண்டின் விழாவுக்கோ வண்ணப்பூச்சுக்கோ செலவிடும் இல்லம், பிற்கால முதியோரின் பராமரிப்பை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறது.

இவையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் மாத அறிக்கையாகக் குழுவின் முன் வர வேண்டும். மூவகை நிலையில் இருப்போர் எத்தனை பேர், தேவையான பராமரிப்பு நேரம் எவ்வளவு, பணிமுறைகள் உண்மையில் தந்த நேரம் எவ்வளவு, நிபந்தனையற்ற இருப்பு எத்தனை நாள் செலவுக்குப் போதும், புதிதாகத் தோன்றிய படுக்கைப் புண்கள் எத்தனை என்னும் ஐந்து விடைகள் அதில் இருந்தால் போதும். இவற்றுள் கடைசி எண் பணக்கணக்கு அன்று. ஆனாலும் வரவும் செலவும் சமன்பட்ட அறிக்கையில் அது ஏறிக்கொண்டிருந்தால், அந்தச் சமநிலை எவருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறங்காவலர்கள் கேட்டாக வேண்டும்.